வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்?

ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு, மேல்விஷாரம், ராணிப்பேட்டை, வேலூர் ஆகிய ஊர்களிலிருந்து துபாய், ஷார்ஜா, ரியாத், ஜித்தா, தோஹா, மஸ்கட் என்று பிழைக்கப் போயிருக்கும் சகோதர சகோதரிகளுக்கும், அவர்கள் அனுப்பும் பணத்தில் இங்கே குடும்பம் நடத்தும் வீட்டாருக்கும் இந்த மடல்.

வெளிநாட்டுப் பணத்தை ரூபாயாக மாற்றும் கணக்கு நம் ஊர்களுக்குப் புதியதல்ல. ஆம்பூரில் தைக்கிற ஷூவுக்கும் ராணிப்பேட்டையில் பதனிடுகிற தோலுக்கும் டாலரிலும் யூரோவிலும்தான் விலை பேசுகிறார்கள். பில் பணம் வருகிற நாளில் ஏற்றுமதி நிறுவனத்தின் கணக்கர் வங்கிக்குப் போன் செய்து அன்றைய ரேட் என்ன என்று கேட்பார். வங்கி காலையில் அறிவிக்கும் கார்டு ரேட்டை அவர் அப்படியே ஏற்றுக்கொள்வதில்லை. சந்தை ரேட்டிலிருந்து எத்தனை பைசா கழிக்கிறீர்கள் என்று கேட்டு, அந்தப் பைசாவைக் குறைக்கச் சொல்லிப் பேசுவார். சிறு நிறுவனங்களும் சந்தை விலையை நேரில் பார்த்து டாலர் விற்க வாங்க வழி வேண்டும் என்பதற்காக, கிளியரிங் கார்ப்பரேஷன் நடத்தும் எஃப்எக்ஸ்-ரீடெய்ல் என்ற தளமே 2019 ஆகஸ்டில் தொடங்கப்பட்டது. அதே நிறுவனத்தில் ஷூ தைக்கும் பெண்ணின் கணவர் ஷார்ஜாவில் சம்பள நாளன்று எக்ஸ்சேஞ்ச் வரிசையில் நிற்கிறார். கவுன்டரை அடைந்ததும் அவர் கேட்பது பெரும்பாலும் ஒரே கேள்விதான்: "கமிஷன் எவ்வளவு?" இந்தக் கேள்வியை விட்டுவிட்டு, முதலாளியின் கணக்கர் கேட்கும் கேள்வியை நீங்களும் கேட்க வேண்டும் என்பதற்காகவே இந்த மடல். என் கையிலிருந்து மொத்தம் இத்தனை திர்ஹம் போனால், என் வீட்டுக் கணக்கில் எத்தனை ரூபாய் விழும்? இந்த ஒரு எண்ணை மட்டும் இரண்டு மூன்று இடங்களில், ஒரே நேரத்தில், ஒரே தொகைக்குக் கேட்டு ஒப்பிட்டால் போதும். எந்த நிறுவனம் நல்லது என்று இந்த மடலில் சொல்லப்போவதில்லை. இன்று நல்ல ரேட் கொடுப்பவர் அடுத்த மாதமும் கொடுப்பார் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

பணம் அனுப்பித் தருபவர் தமக்குரியதை இரண்டு இடங்களில் எடுத்துக்கொள்கிறார். ஒன்று, ரசீதில் அச்சாகும் கட்டணம். மற்றொன்று, சந்தையில் தாம் ரூபாய் வாங்கும் ரேட்டுக்கும் உங்களுக்குத் தரும் ரேட்டுக்கும் இடையில் வைக்கும் இடைவெளி. முதலாவதுக்கு ரசீதில் ஒரு வரி உண்டு, அமீரகத்தில் அதன் மேல் 5 சதவீத வாட் வரியும் உண்டு. இரண்டாவது எந்த ரசீதிலும் தனியாக வராது. ரேட் என்ற ஒரே எண்ணுக்குள் அது கரைந்திருக்கும். உலக வங்கி 2008 முதல் நாடுவாரியாகப் பணம் அனுப்பும் செலவைக் கணக்கெடுத்து வெளியிடுகிறது. அந்தக் கணக்கில் கட்டணத்தையும் இந்த இடைவெளியையும் கூட்டித்தான் செலவு என்கிறார்கள். 2030-க்குள் இந்தச் செலவை 3 சதவீதத்துக்குக் கீழே கொண்டுவர வேண்டும் என்று ஐக்கிய நாடுகள் சபை வைத்திருக்கும் இலக்கும் இரண்டையும் கூட்டிய தொகையைப் பற்றியதே. ஆகவே "கட்டணம் இல்லை" என்ற விளம்பரம், செலவின் ஒரு பாதியை மட்டும்தான் உங்களுக்குச் சொல்கிறது.

மறைந்திருக்கும் அந்த இடைவெளியை நீங்களே அளந்துவிடலாம். வளைகுடாவில் இருப்பவர்களுக்கு அது மற்ற நாடுகளில் இருப்பவர்களைவிட எளிது. அமீரகத் திர்ஹமின் மதிப்பு 1997 முதல் ஒரு டாலருக்கு 3.6725 என்று நிலைநிறுத்தப்பட்டிருக்கிறது. சவூதி ரியால் 1986 முதல் ஒரு டாலருக்கு 3.75. ஆகவே திர்ஹமுக்கும் ரியாலுக்கும் ரூபாயில் தனியாக ஏற்ற இறக்கம் என்று பெரிதாக ஒன்றுமில்லை, டாலர் ஏறினால் அவையும் ஏறும். டாலருக்கு ரூபாய் எவ்வளவு என்று தெரிந்தால் வகுத்துக்கொள்ள வேண்டியதுதான். மும்பையில் வங்கிகள் இயங்கும் நாட்களில் மதியம் சுமார் ஒன்றரை மணிக்கு எஃப்பிஐஎல் என்ற அமைப்பு டாலரின் குறியீட்டு ரேட்டை வெளியிடுகிறது. முன்பு ரிசர்வ் வங்கி செய்த இந்த வேலையை 2018 முதல் இந்த அமைப்பு செய்கிறது. ஒரு கணக்குக்காக டாலர் 88 ரூபாய் 14 பைசா என்று வைத்துக்கொள்வோம். அதை 3.6725 ஆல் வகுத்தால் திர்ஹம் சரியாக 24 ரூபாய். 3.75 ஆல் வகுத்தால் ரியால் 23 ரூபாய் 50 பைசா. குவைத் தினார் மட்டும் பல நாணயங்களின் கூட்டோடு கட்டப்பட்டிருப்பதால், அங்கே இருப்பவர்கள் தினாருக்கு நேரடியாக நடு ரேட்டைப் பார்க்க வேண்டும். கூகுளில் தேடினால் வருவதும் ஏறக்குறைய இந்த நடு ரேட்தான். "கூகுளில் 24 என்று போட்டிருக்கிறதே, ஏன் குறைத்துத் தருகிறீர்கள்" என்று கவுன்டரில் சண்டை போடுவதில் பயனில்லை, அந்த ரேட்டை யாரும் யாருக்கும் தருவதில்லை. வங்கிகள் தங்களுக்குள் பெரும் தொகைகளைக் கொடுத்து வாங்கும் ரேட்டின் நடுப்புள்ளி அது. அளவுகோலாக மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது ஒரு கணக்கைப் போட்டுப் பார்ப்போம். ரேட்டும் கட்டணமும் நான் எடுத்துக்காட்டுக்காக வைத்தவை, கணக்குப் போடும் முறைதான் முக்கியம். கையில் 1,500 திர்ஹம் இருக்கிறது, கட்டணமும் அதிலிருந்தே போக வேண்டும். நடு ரேட்டில் அதன் மதிப்பு 36,000 ரூபாய். முதல் கவுன்டரில் கட்டணம் 20 திர்ஹம், வாட் வரியோடு 21. ரேட் 23 ரூபாய் 90 பைசா. 21 போக மீதி 1,479 திர்ஹத்தை அந்த ரேட்டில் பெருக்கினால் வீட்டுக்கு 35,348 ரூபாய் வரும். இரண்டாவது, ஒரு மொபைல் ஆப். கட்டணமே இல்லை என்று பெரிதாகப் போட்டிருக்கிறது. ரேட் 23 ரூபாய் 55 பைசா. முழு 1,500 திர்ஹத்தையும் பெருக்கினால் 35,325 ரூபாய். கட்டணம் வாங்கியவரிடம் 23 ரூபாய் கூடுதலாகக் கிடைக்கிறது. 23 ரூபாய் ஒரு பொருட்டா என்றால், இல்லைதான். ஆனால் தொகையை மாற்றிப் பாருங்கள். 3,000 திர்ஹம் அனுப்பினால் முதல் கவுன்டரில் 71,198 ரூபாயும் ஆப்பில் 70,650 ரூபாயும் வரும். இப்போது வித்தியாசம் 548 ரூபாய். திடீர்ச் செலவுக்காக 500 திர்ஹம் மட்டும் அனுப்புகிறீர்கள் என்றால் கணக்கு தலைகீழாகிறது. கவுன்டரில் 11,448 ரூபாய், ஆப்பில் 11,775 ரூபாய். கட்டணமில்லாத ஆப் 327 ரூபாய் கூடுதலாகத் தருகிறது.

இந்தக் கணக்கில் நான் சொல்ல வந்தது முழுக்க அடங்கியிருக்கிறது. கட்டணம் நீங்கள் எவ்வளவு அனுப்பினாலும் மாறாமல் நிற்கிறது, இடைவெளியோ தொகையோடு சேர்ந்து வளர்கிறது. சிறு தொகைக்குக் கட்டணம் கனக்கும், பெருந்தொகைக்கு ரேட் கனக்கும். மேலே சொன்ன இரண்டுக்கும் இடையில் தராசு சரியாக நிற்கும் புள்ளி சுமார் 1,434 திர்ஹம். அதற்குக் கீழே ஆப்பும் அதற்கு மேலே கவுன்டரும் லாபம். அந்தப் புள்ளி ஒவ்வொரு நாளும் ரேட்டோடு நகர்ந்துகொண்டிருக்கும் என்பதால்தான், "எது நல்லது" என்று ரூமில் இருப்பவரைக் கேட்டுத் தெரிந்துகொண்ட பதில் உங்களுக்குப் பொருந்தாமல் போகிறது. அவர் 600 அனுப்பியிருப்பார், நீங்கள் 2,500 அனுப்புவீர்கள். அவர் சொன்னதும் உண்மை, உங்களுக்கு நடந்ததும் உண்மை. டேனரியில் தோல் வாங்குபவர் ஒரு தோலின் விலையை மட்டும் கேட்டுவிட்டுப் பணத்தை எடுப்பதில்லை. அது எத்தனை சதுர அடி, ஓட்டையும் கீறலும் போக எவ்வளவு வெட்ட முடியும் என்று பார்த்த பிறகுதான் விலையைப் பேசுவார். கமிஷன் ஒன்றையே கேட்பது, தோலின் ஒரு மூலையை மட்டும் தொட்டுப் பார்ப்பதற்குச் சமம்.

மூன்றாவது ஒரு வழியும் இருக்கிறது. அதில்தான் தெரியாமல் அதிகம் இழக்க நேர்கிறது. சம்பளம் விழும் வங்கியிலிருந்து நேராக டாலராக மாற்றி, ஸ்விஃப்ட் வழியாக ஊரிலுள்ள வங்கிக்கு அனுப்புவது. வங்கி என்றாலே பாதுகாப்பு என்று பலர் இதைத் தேர்கிறார்கள். பாதுகாப்பு உண்மைதான், ஆனால் இதில் நான்கு கைகள் தொடுகின்றன. அதே 1,500 திர்ஹத்தையே எடுத்துக்கொள்வோம். அங்குள்ள வங்கி வரியோடு 26 திர்ஹம் 25 ஃபில்ஸ் கட்டணம் எடுக்கிறது. மீதியை 3.6725-க்குப் பதில் 3.685 என்ற கணக்கில் டாலராக மாற்றுகிறது. கையில் 400 டாலருக்கு ஏழு சென்ட் குறைவு. வழியில் இருக்கும் இடைநிலை வங்கி 15 டாலர் பிடித்துக்கொள்கிறது. மீதி டாலர் இங்கே வந்ததும், நம் ஊர் வங்கி அதைத் தன் டிடி பையிங் ரேட்டில், 87 ரூபாய் 50 பைசாவுக்கு வாங்குகிறது. நாணயம் மாற்றிய சேவைக்கு ஜிஎஸ்டி 60 ரூபாய் சொச்சம். கடைசியில் கணக்கில் விழுவது 33,620 ரூபாய். நடு மதிப்பான 36,000-இல் 2,380 ரூபாய் வழியிலேயே போய்விட்டது, நூற்றுக்கு ஆறரை. இவ்வளவுக்கும் அனுப்பியவர் கையிலிருக்கும் ரசீதில் தெரிவது 26 திர்ஹம் 25 ஃபில்ஸ் மட்டும்தான்.

இதை எப்படிக் கண்டுகொள்வது? அனுப்பும்போதே "ரூபாயாகப் போகிறதா, டாலராகப் போகிறதா" என்று கேளுங்கள். எக்ஸ்சேஞ்ச் நிறுவனங்கள் பெரும்பாலும் ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் ருப்பீ டிராயிங் ஏற்பாட்டின்படி இந்திய வங்கிகளில் ரூபாய்க் கணக்கு வைத்திருக்கின்றன. அந்த வழியில் ரேட் அங்கேயே முடிவாகி, பணம் ரூபாயாகவே இங்கே வருகிறது. இங்குள்ள வங்கிக்கு மாற்றும் வேலை இல்லை, ஆகவே மாற்றியதற்கான ஜிஎஸ்டியும் இல்லை. ரசீதில் ரூபாய்த் தொகை முழுதாக அச்சாகியிருந்தால் அதுவே அடையாளம். டாலர் தொகை மட்டும் அச்சாகியிருந்தால், கடைசியில் எவ்வளவு விழும் என்று அனுப்பும் வங்கிக்கே தெரியாது என்று பொருள். டாலராகத்தான் அனுப்ப வேண்டும் என்ற கட்டாயம் வந்தால், இடைநிலை வங்கியின் செலவை யார் ஏற்பது என்ற கட்டத்தில் OUR, SHA, BEN என்ற மூன்றில் எது குறிக்கப்பட்டிருக்கிறது என்று பாருங்கள். OUR என்றால் அந்தச் செலவை நீங்கள் அங்கேயே கட்டுகிறீர்கள். SHA என்றால் வழியில் பிடித்துக்கொள்வார்கள். BEN என்றால் அனுப்பும் வங்கியின் கட்டணம் உட்பட எல்லாமே போகிற பணத்திலிருந்துதான் கழியும். பெருந்தொகைக்கு இந்த வழியின் செலவு விகிதம் குறையும் என்பதையும் சொல்லிவிடுகிறேன். 15 டாலர் 400 டாலரில் பெரிய துண்டு, 10,000 டாலரில் சிறு துளி.

ரேட்டை எப்போது கேட்கிறீர்கள் என்பதும் கணக்கில் சேரும். மும்பையில் வங்கிகள் தங்களுக்குள் டாலர் வாங்கி விற்கும் சந்தை திங்கள் முதல் வெள்ளி வரை, நம் நேரப்படி காலை 9 முதல் மாலை 3.30 வரை. அந்த நேரத்துக்கு வெளியே உங்களுக்கு ஒரு ரேட் சொல்பவர், சந்தை திறக்கும்போது விலை தமக்கு எதிராக மாறினால் என்ன செய்வது என்ற அச்சத்தையும் அதில் சேர்த்துத்தான் சொல்வார். ஆகவே சனி, ஞாயிறுகளில் இடைவெளி விரிவது வழக்கம். சவூதியில் வெள்ளி, சனி விடுமுறை. ஓய்வு நாளில்தான் கவுன்டருக்குப் போக முடியும் என்றால் வெள்ளிக்கிழமையைத் தேர்ந்தெடுங்கள். மும்பைச் சந்தை மூடும்போது சவூதியில் பகல் ஒரு மணி, அமீரகத்தில் இரண்டு மணி. சவூதியில் இருப்பவர்கள் ஜும்ஆவுக்கு முன்பே போனிலேயே வேலையை முடித்துவிட முடிந்தால் சந்தை திறந்திருக்கும் நேரத்துக்குள் வந்துவிடுவீர்கள். இன்னொன்று, ஆப்பைத் திறந்ததும் முகப்பில் தெரியும் ரேட்டை ஒப்பீட்டுக்கு எடுத்துக்கொள்ளக் கூடாது. முதல் முறை அனுப்புபவருக்கு மட்டும், அல்லது ஒரு வரம்புத் தொகை வரை மட்டும் பொருந்தும் ரேட்டாக அது இருக்கலாம். தொகையைப் போட்டு, பெறுபவர் பெயரைத் தேர்ந்து, உறுதிசெய்யும் பட்டனுக்கு முந்தைய திரையில் தெரியும் ரூபாய்தான் உண்மையான ரூபாய். அந்தத் திரை வரை போய்விட்டுத் திரும்பி வருவதற்கு யாரும் காசு கேட்பதில்லை.

இதற்கெல்லாம் வரக்கூடிய மறுப்புகளை நான் ஒதுக்கவில்லை. பன்னிரண்டு மணி நேரம் வேலை செய்துவிட்டு ரூமுக்கு வருபவரிடம் பத்துப் பைசாவுக்காக நான்கு இடம் அலையச் சொல்வது நியாயமா என்று கேட்பீர்கள். அலையச் சொல்லவில்லை. வேறு கவுன்டருக்குப் போக ஆகும் பஸ் காசும் டாக்சிக் காசும் அனுப்பும் செலவோடு கூட்ட வேண்டியவையே. லேபர் கேம்பிலிருந்து போய்வர 10 திர்ஹம் ஆகுமானால், அங்கே 240 ரூபாய்க்கு மேல் கூடுதலாகக் கிடைத்தால்தான் போவதில் பொருள் உண்டு. ஆனால் போனில் இரண்டு மூன்று இடங்களில் பார்க்க ஐந்து நிமிடம் போதும், அந்த ஐந்து நிமிடத்தின் மதிப்பையும் கணக்கிட்டுவிடலாம். 1,500 திர்ஹத்துக்கு ரேட்டில் 25 பைசா வித்தியாசம் என்றால் மாதம் 375 ரூபாய், ஆண்டுக்கு 4,500 ரூபாய். வித்தியாசம் இரண்டு மூன்று பைசாதான் என்றால் பழகிய இடத்திலேயே அனுப்பிவிட்டுத் தூங்கப் போங்கள், அதுவும் ஒப்பிட்டுப் பார்த்த பிறகு எடுக்கும் நல்ல முடிவுதான்.

பழகிய இடம் என்பதிலேயே அடுத்த மறுப்பும் இருக்கிறது. கவுன்டரில் தமிழும் உருதுவும் பேசும் ஆள் இருக்கிறார், இத்தனை வருடம் பணம் தவறாமல் போய்ச் சேர்ந்தது, ஐம்பது ரூபாய்க்காக ஏன் மாற வேண்டும்? பணம் போய்ச் சேரும் என்ற நம்பிக்கைக்கு விலை உண்டு, அதை நான் மறுக்கவில்லை. ஆனால் நம்பிக்கையை எதன் மேல் வைப்பது? வளைகுடாவில் நம் மக்களுக்கு மிகவும் பழகிய பெயராக இருந்த யுஏஇ எக்ஸ்சேஞ்ச், 2020 மார்ச்சில் புதிய பண அனுப்புதல்களை நிறுத்தியது. அமீரக மத்திய வங்கி அதைத் தன் மேற்பார்வையில் எடுத்துக்கொள்ள நேர்ந்தது. அதைவிடப் பெரிய பெயர்ப்பலகை அன்று அதிகம் இல்லை. ஆகவே பெயரின் பழக்கத்தை மட்டும் நம்பாமல், அமீரக மத்திய வங்கியோ சவூதி மத்திய வங்கியோ உரிமம் தந்த நிறுவனமா என்று பாருங்கள். அப்படி உரிமம் பெற்ற இரண்டு வழிகளையாவது முன்கூட்டியே பதிவுசெய்து வைத்திருங்கள். ஒன்று நின்றாலும் அந்த மாதம் வீட்டுக்குப் பணம் போகும். ஒப்பிட வேண்டியது உரிமம் பெற்றவர்களுக்குள் மட்டுமே.

அங்கேதான் உண்டியல் குறுக்கே வருகிறது. "நீங்கள் சொல்லும் கணக்கின்படியே பார்த்தாலும் உண்டியல்காரர் தரும் ரேட்தான் உயர்ந்தது, வீட்டுக் கதவுக்கே கொண்டுவந்து தருகிறார்" என்று சொல்பவர்கள் நம் தெருக்களில் உண்டு. சில நாட்களில் ரேட் உயர்ந்திருப்பது உண்மை. ஆனால் கையில் கிடைக்கும் ரூபாயோடு அந்தக் கணக்கு முடிவதில்லை. 1999-ஆம் ஆண்டின் அந்நியச் செலாவணி மேலாண்மைச் சட்டத்தின் 3-ஆவது பிரிவு, அங்கீகரிக்கப்பட்ட வழியில்லாமல் வெளிநாட்டில் இருப்பவர் சார்பாக இங்கே பணம் பெறுவதையே தடுக்கிறது. வாங்கிய உங்கள் மனைவியும் தாயும்தான் இங்கே சட்டத்தின் முன் நிற்க நேரும். அபராதம் தொகையைப் போல மூன்று மடங்கு வரை போகலாம். அதைவிட அன்றாட ஆபத்து வேறு ஒன்று. உண்டியல் பணம் இப்போது கையில் வராமல், முன்பின் அறியாத யாரோ ஒருவரின் கணக்கிலிருந்து வீட்டுக் கணக்குக்கு வருவதும் உண்டு. அந்த யாரோ ஒருவரின் கணக்கில் ஆன்லைன் மோசடிப் பணம் கலந்திருந்தால், போலீஸ் கேட்டுக்கொண்டதும் வங்கி உங்கள் வீட்டுக் கணக்கையும் முடக்கும். பிள்ளையின் ஃபீஸ் கட்ட வைத்திருந்த பணமும் அதில் சேர்ந்து நிற்கும். இது என் கணவர் அனுப்பிய பணம் என்று காட்ட ஒரு துண்டுத் தாளும் இருக்காது. முறையாக வந்த பணத்துக்கு வங்கி ஏட்டிலேயே சாட்சி உண்டு. கணவர், மகன், உடன்பிறந்தார் போன்ற உறவினர் அனுப்பும் பணத்துக்கு வருமான வரி இல்லை. ஆனால் நாளை வீடோ மனையோ வாங்கும்போது பணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் அந்தச் சாட்சிதான் பேசும்.

"ரேட் ஏறட்டும், காத்திருந்து அனுப்புகிறேன்" என்பது இன்னொரு வகை யோசனை. ஒப்பிட்டு அனுப்புவதையும் காத்திருந்து அனுப்புவதையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளக் கூடாது. ஒப்பிடும்போது இரண்டு எண்களும் இப்போதே கண் முன்னால் இருக்கின்றன, பெரியதைத் தேர்கிறீர்கள். காத்திருக்கும்போது இன்று தெரிந்த ஓர் எண்ணை, யாருக்கும் தெரியாத ஓர் எண்ணோடு வைத்துப் பந்தயம் கட்டுகிறீர்கள். வீட்டில் கடன் இருந்தால் பந்தயத்தின் விலையும் தெரிந்துவிடும். ரெண்டு வட்டிக்கு வாங்கிய கடன் நிலுவையில் இருக்கும்போது ஒரு மாதம் காத்திருந்தால், 24 ரூபாயில் இருக்கும் திர்ஹம் 24 ரூபாய் 48 பைசாவைத் தாண்டினால்தான் நீங்கள் வென்றதாக அர்த்தம். மாதாமாதம் அனுப்பாமல் இரண்டு மாதத்துக்கு ஒரு முறை சேர்த்து அனுப்புவதையும் இதே தராசில் நிறுங்கள். முதல் கவுன்டரின் கணக்கில், 1,500 வீதம் இரண்டு முறை அனுப்புவதற்குப் பதில் 3,000 திர்ஹத்தை ஒரே முறை அனுப்பினால் மிச்சம் 502 ரூபாய். கடன் இல்லாத வீட்டுக்கு அது லாபம். முதல் மாதப் பணத்தை ஒரு மாதம் நிறுத்திவைப்பதற்கு, ரெண்டு வட்டிக் கணக்கில் 36,000 ரூபாய்க்கு 720 ரூபாய் வட்டி போகும் வீட்டுக்கு அது நஷ்டம்.

நல்ல ரேட்டில் அனுப்பிய பணம் திரும்பி வந்துவிட்டால் எல்லாக் கணக்கும் வீண். நம் பகுதியில் இதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று பெயர். வங்கிப் பாஸ்புக்கில் இனிஷியலோடு இருக்கும் பெயர், ஆதாரிலோ பாஸ்போர்ட்டிலோ அப்பா பெயர் விரிந்து வேறாக நிற்கும். முகம்மது என்ற ஒரே பெயரையே ஆங்கிலத்தில் நாலைந்து விதமாக எழுதும் ஊர் நம்முடையது. அனுப்பும் படிவத்தில் பாஸ்புக்கில் உள்ள எழுத்து எப்படி இருக்கிறதோ அப்படியே இருக்க வேண்டும். மற்றொன்று பழைய ஐஎஃப்எஸ்சி எண். 2020 ஏப்ரலில் அலகாபாத் வங்கி இந்தியன் வங்கியோடும், சிண்டிகேட் வங்கி கனரா வங்கியோடும், ஆந்திரா வங்கியும் கார்ப்பரேஷன் வங்கியும் யூனியன் வங்கியோடும் இணைந்தபின் கிளைகளின் எண்கள் மாறின. வருடக்கணக்காக அனுப்பாமல் இருந்த ஒரு கணக்குக்கு ஆப்பில் சேமித்துவைத்த பழைய எண்ணோடு அனுப்பினால் பணம் திரும்பும். திரும்பும்போது அன்றைய ரேட்டில் மறுபடியும் திர்ஹமாக மாற்றிக் கொடுப்பார்கள். இடைவெளியை இரண்டு முறை கட்டியதாகிவிடும், கட்டணமும் பெரும்பாலும் கிடைக்காது. பெரிய தொகையைப் புதிய கணக்குக்கு அனுப்புமுன் சிறு தொகை ஒன்றை அனுப்பிப் பார்ப்பதற்கு ஆகும் கட்டணம் வீண்செலவல்ல.

வங்கிக் கணக்கு வேண்டாம், ரொக்கமாகக் கையில் வரட்டும் என்று சொல்லும் மூத்தவர்களுக்காக ஒரு வார்த்தை. அதற்கென்று ரிசர்வ் வங்கி அனுமதித்திருக்கும் திட்டத்தில் ஒரு முறைக்கு 2,500 டாலர் வரைதான் அனுப்பலாம், ஒருவர் ஆண்டுக்கு 30 முறைதான் பெறலாம், ரொக்கமாக 50,000 ரூபாய் வரைதான் தருவார்கள். வீட்டுப் பக்கத்திலேயே வாங்கிக்கொள்ளும் வசதிக்கு ரேட்டில் விலை இருக்கக்கூடும். ஒரே நிறுவனத்திலேயே ரொக்கத்துக்கு ஒரு ரேட், கணக்குக்கு ஒரு ரேட் இருக்கலாம் என்பதால் இரண்டையும் கேளுங்கள்.

இங்கே பணம் பெறும் வீட்டாருக்கும் இதில் பங்கு உண்டு. அனுப்பியவர் போனில் சொல்லும் ரூபாய்த் தொகையை ஒரு நோட்டில் தேதியோடு குறித்துக்கொள்ளுங்கள். கணக்கில் விழுந்த தொகையை அதன் பக்கத்திலேயே எழுதுங்கள். இரண்டும் ஒன்றாக இருந்தால் பணம் ரூபாயாகவே வந்திருக்கிறது. குறைந்திருந்தால் உடனே அவருக்குச் சொல்லுங்கள். வழியில் யார் எடுத்தார்கள் என்பதை அவர் ரசீதிலுள்ள எண்ணைக் காட்டி அங்கே கேட்க முடியும். இங்குள்ள வங்கி ஏதாவது பிடித்திருந்தால், அது என்ன கட்டணம், எவ்வளவு ஜிஎஸ்டி என்று கிளையில் எழுத்தில் கேளுங்கள். 30 நாளில் பதில் வராவிட்டால் ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளருக்கு cms.rbi.org.in என்ற தளத்தில் புகார் செய்யலாம், அதற்குக் கட்டணம் இல்லை. அந்த நோட்டில் நாலைந்து மாதம் சேர்ந்ததும், ஒவ்வொரு மாதமும் அனுப்பிய மொத்தத் திர்ஹத்தால் வந்த ரூபாயை வகுத்து, அன்றைய நடு ரேட்டைப் பக்கத்தில் எழுதி, அடுத்த சம்பளத்துக்கு முன் அவருக்கு ஒரு போட்டோ எடுத்து அனுப்பிவிடுங்கள்.